வட்டியை உயர்த்த முடியாதபோது: சுவிஸ் வங்கிகளின் மூலதனக் காப்பு

எதிர்ச்சுழற்சி மூலதனக் காப்பு என்பது, கடன் தாராளமாகப் பெருகும் காலத்தில் வங்கிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வைத்திருக்க வேண்டிய சொந்த மூலதனம். கடன்கள் வாராக்கடன்களாகும் காலம் வந்தால் அந்தக் கூடுதல் நிபந்தனை விலக்கிக்கொள்ளப்படும். அதுவரை சேர்த்ததைக் கொண்டு வங்கிகள் நஷ்டத்தை ஈடுகட்டலாம். புதிய கடன் கொடுப்பதையும் நிறுத்தாமல் தொடரலாம். மத்திய வங்கி வட்டி விகிதத்தை ஏற்றி இறக்குவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒவ்வொரு முறையும் அது நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. மூலதனக் காப்பு உயர்ந்தாலோ நீங்கினாலோ வங்கிகளுக்கு வெளியே பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் வட்டி விகிதத்தால் செய்ய முடியாத ஒரு வேலையை அது செய்கிறது.

இங்கே மூலதனம் என்பது பெட்டகத்தில் பூட்டி வைத்த பணம் அல்ல. ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுக்கும்போது, அதில் பெரும்பகுதி டெபாசிட் போட்டவர்களின் பணமாகவோ வெளியே வாங்கிய கடனாகவோ இருக்கும். மீதிச் சிறு பகுதி பங்குதாரர்கள் போட்ட பணமும், லாபத்தில் டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்காமல் விட்டுவைத்ததும். அந்தச் சிறு பகுதிதான் மூலதனம். கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டாவிட்டால் முதலில் கரைவது இந்தப் பகுதி. இது தீர்ந்த பிறகே டெபாசிட்தாரர்களின் பணத்தில் நஷ்டம் கைவைக்கும். ஆகவே மூலதனத்தைக் கூட்டச் சொல்வது என்றால், கொடுக்கும் கடனில் வங்கி தன் சொந்தப் பணத்தின் பங்கைக் கூட்ட வேண்டும் என்று பொருள். அந்தப் பணமும் கடனாகத்தான் வெளியே போகிறது. எங்கும் முடங்கிக் கிடப்பதில்லை.

எவ்வளவு மூலதனம் வேண்டும் என்பது கடனின் வகையைப் பொறுத்தது. அரசுக் கடன் பத்திரத்தில் போட்ட பணமும், பிணையில்லாமல் ஒரு தனிநபருக்குக் கொடுத்த கடனும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. அதனால் ஒவ்வொரு வகைக் கடனுக்கும் ஒரு இடர் எடை உண்டு. 100 ரூபாய்க் கடனுக்கு இடர் எடை 35 சதவீதம் என்றால், மூலதனக் கணக்குக்கு அது 35 ரூபாயாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். மூலதன விகிதங்கள் எல்லாம் இப்படி எடை போட்ட தொகையின் மீதே கணக்கிடப்படுகின்றன.

2008-க்கு முன்பு மேற்பார்வை அதிகாரிகள் ஒவ்வொரு வங்கியையும் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பல வங்கிகளின் கணக்கு சரியாகவே இருந்தது. நெருக்கடி வந்ததும் ஒவ்வொன்றும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கடன் கொடுப்பதைக் குறைத்தது. கையில் இருந்த பத்திரங்களை விற்றது. ஒரு வங்கி மட்டும் அப்படிச் செய்தால் அது விவேகம். எல்லா வங்கிகளும் ஒரே மாதத்தில் செய்தபோது பத்திரங்களின் விலை சரிந்தது. கடன் கிடைக்காத தொழில்கள் நின்றன. அதனால் வாராக்கடன் மேலும் பெருகியது. வங்கிகளை ஒரே கூட்டமாகப் பார்த்து வகுக்கும் விதிகள் தேவை என்ற எண்ணம் இதிலிருந்துதான் வலுப்பெற்றது. மேக்ரோபுருடென்ஷியல் கொள்கை என்று அழைக்கப்படுவது இதுவே. வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு, வருமானத்துக்கு ஏற்ற கடன் வரம்பு, இடர் எடையை மாற்றுவது ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பன்னாட்டு வங்கி விதிகளை வகுக்கும் பாசல் குழு, 2010 டிசம்பரில் வெளியிட்ட பாசல் III விதிகளில் எதிர்ச்சுழற்சிக் காப்பையும் சேர்த்தது.

அதை எப்போது விதிப்பது என்பதற்கு அந்தக் குழு ஒரு வழிகாட்டியும் கொடுத்தது. நாட்டில் மொத்தக் கடன், உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, நீண்டகாலப் போக்குப்படி அது எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 2 புள்ளிகளைத் தாண்டும்போது காப்பு தொடங்குகிறது. 10 புள்ளிகளை எட்டும்போது இடர் எடையிட்ட கடனில் 2.5 சதவீதம் என்ற அளவை அடைகிறது. போக்குப்படி 150 சதவீதம் இருக்க வேண்டிய கடன் 156-ஆக இருந்தால் இடைவெளி 6. காப்பு அதற்கேற்ப 1.25 சதவீதம். இந்தச் சூத்திரத்தைக் கண்மூடிப் பின்பற்றும் நாடு ஏறத்தாழ எதுவும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. உற்பத்தி திடீரென்று விழுந்தால், புதுக்கடன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமலேயே இந்த விகிதம் எகிறும். தளர்த்த வேண்டிய நேரத்தில் இறுக்கச் சொல்லும். கடன் பல ஆண்டுகள் வீங்கியே இருந்தால் போக்குக் கோடும் கூடவே உயர்ந்துவிடும். அடுத்த வீக்கம் இயல்பானதாகத் தோன்றும். எனவே வீட்டு விலை, வாடகை, வங்கிகள் கடன் கொடுக்கும்போது காட்டும் தளர்வு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, மனிதர்கள்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காப்பை பாசல் III காலத்தில் முதன்முதலில் கையிலெடுத்த நாடுகளில் சுவிட்சர்லாந்தும் ஒன்று. அது ஏன் வட்டியை விட்டு இதைத் தேர்ந்தெடுத்தது என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிடும்.

2011-ல் ஐரோப்பாவில் கிரேக்கக் கடன் நெருக்கடி முற்றியிருந்தது. யூரோவை நம்பாதவர்கள் சுவிஸ் ஃபிராங்கில் பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆகஸ்டில் ஒரு ஃபிராங்க் ஏறத்தாழ ஒரு யூரோவுக்குச் சமமாகிவிட்டது. கடிகாரமும் இயந்திரமும் மருந்தும் ஏற்றுமதி செய்து வாழும் நாட்டுக்கு இது பேரிடி. சுவிஸ் தேசிய வங்கி வட்டியைச் சுழியத்தை ஒட்டி இறக்கியது. செப்டம்பர் 6 அன்று, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்து, வரம்பில்லாமல் அயல்நாட்டுப் பணத்தை வாங்கத் தயாரானது. நாட்டில் பொருள்களின் விலை உயரவில்லை. மாறாக 2012-ல் சற்றே குறைந்தது.

உள்நாட்டில் கதை வேறு. அடமானக் கடனுக்கு வட்டி அதுவரை காணாத அளவு மலிவு. ஜெனீவா ஏரிக்கரையிலும் சூரிச் பகுதியிலும் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. வருமானத்துக்கு மீறிக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் தேசிய வங்கியின் கவலை. அந்த நாட்டுக்கு இது புதிய நோயும் அல்ல. 1980களின் இறுதியில் இதேபோல் வீட்டு விலை ஏறி, 1990களின் தொடக்கத்தில் சரிந்தது. 1991 அக்டோபரில் தூன் நகரத்தின் சேமிப்பு வங்கி ஒன்று மூடப்பட்டது. பூட்டிய வாசலில் டெபாசிட்தாரர்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பல சிறு வங்கிகள் பெரியவற்றோடு இணைக்கப்பட்டன.

வீட்டுக்கடன் வீக்கத்தை அடக்க வட்டியை உயர்த்தியிருக்கலாமே என்று தோன்றும். உயர்த்தியிருந்தால் ஃபிராங்கைத் தேடி மேலும் பணம் வந்திருக்கும். 1.20 என்ற எல்லையைக் காப்பது இன்னும் கடினமாகியிருக்கும். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்திருக்கும். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த விலைவாசி மேலும் இறங்கியிருக்கும். வட்டி விகிதம் ஒன்றுதான். அது ஜெனீவாவில் வீடு வாங்குபவரையும் ஜூரா மலையடிவாரத்துக் கடிகாரப் பட்டறையையும் பிரித்துப் பார்க்காது. ஒருவரை அடக்க வேண்டிய நேரத்தில் மற்றவரைத் தாங்க வேண்டியிருந்தால், ஒரே கருவியைக் கொண்டு இரண்டையும் செய்ய முடியாது.

சுவிஸ் சட்டம் 2012-லிருந்து இதற்கு இன்னொரு வழியைத் திறந்து வைத்திருந்தது. வட்டியைத் தேசிய வங்கி தனியாகவே முடிவு செய்கிறது. மூலதனக் காப்பு அப்படி இல்லை. தேசிய வங்கி, ஃபின்மா என்ற நிதிச்சந்தை மேற்பார்வை ஆணையத்தைக் கலந்துகொண்டு ஒரு முன்மொழிவை அனுப்பும். முடிவெடுப்பது பெடரல் கவுன்சில் எனப்படும் அமைச்சரவை. வங்கிகள் அதை நிறைவேற்றுகின்றனவா என்று பார்ப்பது ஃபின்மா. 2013 பிப்ரவரி 13 அன்று அமைச்சரவை 1 சதவீதக் காப்பை விதித்தது. ஆனால் எல்லாக் கடனுக்கும் அல்ல. நாட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளை அடமானமாக வைத்து வாங்கிய கடன்களுக்கு மட்டும். வங்கிகளுக்கு செப்டம்பர் 30 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. 2014 ஜனவரியில் அது 2 சதவீதமாக உயர்த்தப்பட்டு ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தது.

அவகாசம் கொடுப்பதே இந்தக் கருவியின் இயல்பு. வட்டி முடிவு அறிவித்த உடனே சந்தையில் தெரியும். மூலதனத்தை ஒரே நாளில் சேர்க்க முடியாது. லாபத்தை நிறுத்திவைக்க வேண்டும், அல்லது புதிய பங்கு வெளியிட வேண்டும். உயர்த்தும்போது ஓராண்டு வரை முன்னறிவிப்பு கொடுக்கலாம் என்றும், தளர்த்தும்போது உடனடியாகத் தளர்த்த வேண்டும் என்றும் பாசல் விதி சொல்வது இதனால்தான். காப்பில் குறை வைக்கும் வங்கியை மூடுவதில்லை. டிவிடெண்டும் போனஸும் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வரும். பங்குதாரர்களும் மேலாளர்களும் காத்திருக்க வேண்டும். அதற்குள் லாபம் மூலதனமாகச் சேரும்.

இந்த 2 சதவீதம் ஒரு குடும்பத்தின் கடனில் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் ஃபிராங்க் மதிப்புள்ள வீட்டுக்கு ஒருவர் 6 லட்சம் ஃபிராங்க் கடன் வாங்குகிறார். வீட்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கும் இத்தகைய கடனுக்கு அப்போதைய பொது விதிப்படி இடர் எடை 35 சதவீதம். எடையிட்ட தொகை 2,10,000 ஃபிராங்க். அதில் 2 சதவீதம் என்றால் 4,200. அதாவது டெபாசிட் பணத்தில் கொடுத்துவந்த 4,200 ஃபிராங்கை வங்கி இனித் தன் பங்குதாரர்களின் பணத்தில் கொடுக்க வேண்டும். பங்குதாரர்கள் ஆண்டுக்கு 10 சதவீத வருவாய் எதிர்பார்க்கிறார்கள், டெபாசிட்டுக்கு 1 சதவீதம் கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், வங்கிக்குக் கூடும் செலவு ஆண்டுக்கு 378 ஃபிராங்க். அது முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டினாலும் கடன் வட்டி 0.06 சதவீதம் அளவுக்கே உயரும். மத்திய வங்கி வட்டியை ஒரு சதவீதம் உயர்த்தி, அது அப்படியே கடனுக்கு வந்து சேர்ந்திருந்தால், அதே குடும்பம் ஆண்டுக்கு 6,000 ஃபிராங்க் கூடுதலாகக் கட்டியிருக்கும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பரவலான ஒரு தவறான எண்ணம் விலகுகிறது. மூலதனக் காப்பை மென்மையான வட்டி உயர்வு என்று நினைப்பது சரியல்ல. வீடு வாங்குபவரைத் தயங்க வைக்கும் வலு 378 ஃபிராங்குக்குக் கிடையாது. அதன் முதல் வேலை வங்கியைத் தாங்க வைப்பது. அந்த 4,200 ஃபிராங்க் ஒரு கடனுக்குச் சிறு தொகை. பல்லாயிரம் வீட்டுக்கடன்களில் கட்டாமல் போவது ஒரு சிறு பங்குதான். அந்தச் சிலவற்றின் நஷ்டத்தைத் தாங்க எல்லாக் கடன்களிலிருந்தும் சேர்ந்த காப்பு கைகொடுக்கும்போது, அது சிறு தொகையல்ல. வீட்டு விலை விழுவதை இந்தக் காப்பு தடுக்காவிட்டாலும், விழும்போது வங்கிகளும் சேர்ந்து விழாமல் இருக்க அது உதவும். கடனைக் குறைப்பது துணைப்பயன் மட்டுமே.

அந்தத் துணைப்பயனும் எல்லா வங்கிகளிலும் ஒரே அளவில் தெரியவில்லை. சுவிஸ் வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன வட்டி விகிதங்களைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். மூலதனம் தாராளமாக வைத்திருந்த வங்கிகள் விலையை அதிகம் மாற்றவில்லை. மூலதனம் இறுக்கமாக இருந்த வங்கிகளும் வீட்டுக்கடனையே பெரிதும் நம்பியிருந்த வங்கிகளும்தான் மற்றவற்றைவிடக் கூடுதலாக உயர்த்தின. நெருக்கடியில் முதலில் தடுமாறக்கூடியவை இவைதான் என்பதால், கடன் அவற்றிலிருந்து சற்று விலகிப் போவது நல்லதுதான்.

கடன் வாங்குபவரைத் தடுக்க வேறு விதிகள் தேவைப்பட்டன. 2012-ல் சுவிஸ் வங்கிகள் தங்களுக்குள் வகுத்து, ஃபின்மா ஏற்ற விதிப்படி, வீட்டு மதிப்பில் குறைந்தது 10 சதவீதத்தை வாங்குபவர் ஓய்வூதியச் சேமிப்பில் கைவைக்காமல் சொந்தப் பணத்திலிருந்து கொண்டுவர வேண்டும். கடனை வீட்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு 20 ஆண்டுகளுக்குள் இறக்க வேண்டும். 2014-ல் அந்தக் காலம் 15 ஆண்டுகளாகச் சுருக்கப்பட்டது. அசலைக் கட்டாமல் வட்டியை மட்டுமே பல்லாண்டுகள் கட்டிவருவது வழக்கமாக இருந்த நாட்டில் இது உண்மையிலேயே கையைக் கடிக்கும் விதி. அதன் பிறகு வீட்டு விலை ஏற்றமும் அடமானக் கடன் வளர்ச்சியும் வேகம் குறைந்தன. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். காப்பு, அசல் திருப்பும் விதி, விலை உச்சத்தைத் தொட்டதால் வந்த தயக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் இருந்தன. 2015 ஜனவரி 15 அன்று தேசிய வங்கி 1.20 எல்லையைக் கைவிட்டு, வட்டியைச் சுழியத்துக்குக் கீழே 0.75 சதவீதத்துக்கு இறக்கியது. வட்டி ஒரு பக்கம் இவ்வளவு இறங்கியிருக்க, வங்கிகளின் மீதான 2 சதவீதக் காப்பு அசையாமல் நின்றது. இரண்டு கருவிகளும் எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்த காலம் அது.

வட்டியை வைத்தே வீட்டுக்கடனை அடக்கப் பார்த்த நாடு ஒன்றும் உண்டு. சுவீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பேங்க் 2010 ஜூலையில் 0.25 சதவீதமாக இருந்த வட்டியை உயர்த்தத் தொடங்கி, ஓராண்டில் 2 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. குடும்பங்களின் கடன் சுமை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. வங்கியின் துணை ஆளுநர்களில் ஒருவரான லார்ஸ் ஸ்வென்சன் அதைத் தொடர்ந்து எதிர்த்தார். வேலையின்மை 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது வட்டியை உயர்த்தினால் விலைவாசியும் வருமானமும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வளரும். கடன் தொகையோ அப்படியே நிற்கும். ஆகவே வருமானத்தோடு ஒப்பிட்டால் கடன் சுமை குறைவதற்குப் பதில் கூடக்கூடும் என்பது அவர் வாதம். 2013-ல் அவர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டுகளில் சுவீடனின் பணவீக்கம் இலக்கான 2 சதவீதத்துக்கு வெகு கீழே சுழியத்தை ஒட்டிக் கிடந்தது. ரிக்ஸ்பேங்க் படிப்படியாக வட்டியை இறக்கி, 2015 பிப்ரவரியில் சுழியத்துக்கும் கீழே போனது. வீட்டுக்கடன் சுமையை அடக்க அந்த நாடு பின்னர் 2016-ல் அசல் திருப்பும் கட்டாய விதியைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

சுவீடன் பாடத்தை வைத்துக்கொண்டு வட்டிக்கு இதில் பங்கே இல்லை என்று முடிவு கட்டுவதும் அவசரம். சுவிஸ் அமைச்சரவை காப்பை அறிவித்த அதே 2013 பிப்ரவரியில், அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர்களில் ஒருவரான ஜெரமி ஸ்டைன் மறுபக்கத்தை எடுத்துச் சொன்னார். வங்கி விதிகள் வங்கிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். வட்டியோ, விதிகள் எட்டாத இண்டு இடுக்குகளிலும் புகும் என்பது அவர் வாதத்தின் சாரம். சுவிட்சர்லாந்திலேயே இதற்குச் சான்று உண்டு. அங்கே காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும்கூட வீட்டுக்கடன் கொடுக்கின்றன. வங்கிகளுக்கு விதித்த காப்பு அவற்றைத் தொடவில்லை. வங்கியில் கடன் விலை கூடினால் வாடிக்கையாளர் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகலாம். அப்படி இடம் மாறும் கடனை மூலதனக் காப்பால் பின்தொடர முடியாது. வட்டி உயர்ந்தால் இரு இடத்திலும் விலை உயரும்.

காப்பின் இன்னொரு பாதி, அதாவது அதை அவிழ்ப்பது, 2020 மார்ச்சில் சோதிக்கப்பட்டது. கொரோனாவால் கடைகளும் விடுதிகளும் மூடிக்கிடந்தன. வழக்கமான வேளையில் மத்திய வங்கி வட்டியைக் குறைத்திருக்கும். சுவிஸ் வட்டியோ ஏற்கெனவே சுழியத்துக்கு 0.75 சதவீதம் கீழே. மேலும் இறக்க இடம் அதிகம் இல்லை. தேசிய வங்கி கேட்டுக்கொண்டபடி மார்ச் 27 அன்று அமைச்சரவை காப்பை முழுமையாக நீக்கியது. அவகாசம் எதுவும் இல்லை. அன்றே வங்கிகளின் கையில் அந்த மூலதனம் விடுபட்டது. வீட்டுக்கடனுக்காகச் சேர்த்ததைக் கடைக்காரர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கடன் கொடுக்கப் பயன்படுத்த வழி பிறந்தது. நல்ல காலத்தில் சேர்த்திருந்ததால்தான் அவிழ்க்க ஏதாவது இருந்தது. காப்பைச் சுழியத்திலேயே வைத்திருந்த நாடுகளுக்கு அந்த மார்ச்சில் இந்த வழி இல்லை. இப்போது பல நாடுகள் சாதாரணக் காலத்திலும் 1 சதவீதம் போல ஒரு காப்பை வைத்துக்கொள்ள விரும்புவதற்கு இந்த அனுபவமே காரணம்.

அவிழ்த்துவிட்டால் மட்டும் வங்கிகள் அதைச் செலவழித்துவிடும் என்று சொல்ல முடியாது. மூலதன விகிதம் இறங்குவதைச் சந்தை பலவீனமாக எடுத்துக்கொள்ளும் என்று வங்கிகள் அஞ்சுகின்றன. மேற்பார்வையாளர் நாளை மீண்டும் உயர்த்தச் சொல்வார் என்றும் கணக்குப் போடுகின்றன. ஆகவே காப்பை விரைவில் திரும்ப விதிக்கமாட்டோம் என்று தெளிவாகச் சொன்னால்தான் தளர்வுக்குப் பயன் உண்டு.

சுவிட்சர்லாந்தில் வீட்டு விலை கொரோனா காலத்திலும் இறங்கவில்லை. 2022 ஜனவரியில் காப்பு மீண்டும் வந்தது. இம்முறை 2.5 சதவீதம், செப்டம்பர் 30 முதல் நடைமுறை. முடிவெடுத்த நாளில் வட்டி இன்னும் சுழியத்துக்குக் கீழேதான் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் பணவீக்கத்தை அடக்க வட்டி உயர்வும் தொடங்கியது. முன்பு எதிரெதிராக நின்ற இரண்டும் இப்போது ஒரே பக்கம் இழுத்தன. ஆனால் நோக்கம் வேறு வேறு. வட்டி, கடைத்தெரு விலையைப் பார்த்து உயர்ந்தது. காப்பு, வங்கிகளின் அடமானப் புத்தகத்தைப் பார்த்து வந்தது.

இந்தக் காப்பு எதற்கு உதவாது என்பதையும் அதே நாடு அடுத்த ஆண்டு காட்டியது. 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் நிலைகுலைந்து யூபிஎஸ் வங்கியிடம் போனபோது, அதன் மூலதன விகிதம் ஏட்டளவில் விதிகள் கேட்ட அளவுக்கு மேலேயே இருந்தது. பல ஆண்டு ஊழல்களாலும் நஷ்டங்களாலும் நம்பிக்கை இழந்த வாடிக்கையாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். மூலதனம் நஷ்டத்தைத் தாங்கும். ஒரே வாரத்தில் எல்லோரும் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டால் அதற்குத் தேவை கையிருப்புப் பணம். அது வேறு விதிகளின் எல்லை.

இந்திய ரிசர்வ் வங்கியும் 2015-ல் எதிர்ச்சுழற்சிக் காப்புக்கு விதிமுறை வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் அதை விதிக்காமலேயே இருந்துவருகிறது. அதற்குப் பதில் இடர் எடையை ஏற்றி இறக்குவதுதான் இங்கே பழகிய வழி. உலகில் மேக்ரோபுருடென்ஷியல் என்ற சொல் பிரபலமாவதற்கு முன்பே, 2004 டிசம்பரில், வீட்டுக்கடனின் இடர் எடையை அது 50-லிருந்து 75 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வணிகக் கட்டடக் கடனுக்கு அது 150 வரை போனது.

2023-ல் அதே வழி மீண்டும் திறந்தது. கைபேசியில் சில தட்டுகளில் கிடைக்கும் தனிநபர் கடனும் கிரெடிட் கார்டு கடனும் மற்றக் கடன்களைவிட வேகமாகப் பெருகின. ரெப்போ வட்டி 6.5 சதவீதத்தில் நின்றது. இந்தக் கடன்களுக்காக அதை உயர்த்தினால் டிராக்டர் வாங்கும் விவசாயியும் விசைத்தறி போடுபவரும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள். நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, பிணையற்ற தனிநபர் கடனுக்கான இடர் எடையை 100-லிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. வீட்டுக்கடன், கல்விக்கடன், வாகனக்கடன், நகைக்கடன் ஆகியவற்றுக்கு விலக்கு. குறைந்தபட்ச மூலதனமான 9 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு லட்ச ரூபாய்த் தனிநபர் கடனுக்கு முன்பு 9,000 ரூபாய் சொந்தப் பணம் போதும். இனி 11,250 வேண்டும். வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கு வங்கிகள் கொடுக்கும் கடனுக்கும் இடர் எடையில் 25 புள்ளிகள் கூட்டப்பட்டன. அந்த நிறுவனங்கள் வங்கியிடம் வாங்கித்தான் பொதுமக்களுக்குக் கடன் கொடுக்கின்றன என்பதால், வங்கியை இறுக்கினால் கடன் பக்கத்து வாசல் வழியாகப் போய்விடும் என்ற சிக்கலுக்கு இது ஓரளவு பதில்.

பல மாதங்களில் தனிநபர் கடன் வளர்ச்சி வேகம் குறைந்தது. 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.25 சதவீதமாகக் குறைத்தது. அதே மாதம் 25-ம் தேதி வங்கி சாரா நிறுவனங்களுக்கான கூடுதல் இடர் எடையை விலக்கியது. நுண்கடன்களுக்கும் சலுகை தந்தது. வங்கிகள் நேரடியாகக் கொடுக்கும் மற்றப் பிணையற்ற தனிநபர் கடனுக்கு 125 சதவீதம் அப்படியே நீடித்தது.